அப்பரை நினைவுகூர்வதிலிருந்து மதிப்பிடுவது வரை: சைவநெறி அலகு ஒன்றுக்குக் கற்றற் பேறு எழுதும் முறை

இலங்கைப் பாடசாலைகளில் சைவநெறி படிப்பிக்கும் எவருடைய பாடக்குறிப்பைப் புரட்டினாலும் இந்த வரி கண்ணில் படும்: "திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றை அறிந்து கொள்வர்." நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். 40 நிமிடம் முடிந்து மணி அடித்ததும் ஒரு பிள்ளை அறிந்துகொண்டதா இல்லையா என்று எதைப் பார்த்துச் சொல்வது? அந்த வரியில் அதற்கு விடை இல்லை. நாயனார் பிறந்த ஊரைச் சொன்னாலும் அறிந்ததுதான், அவர் ஏன் அரச ஆணைக்குப் பணியவில்லை என்று நான்கு பக்கம் எழுதினாலும் அறிந்ததுதான்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் அலகை எடுத்துக்கொள்கிறேன். திருநாவுக்கரசு நாயனார், தரம் 9 அளவுப் பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை ஆறு. நினைவுகூர்தல் தொடங்கி மதிப்பீடு வரை கற்றற் பேறுகளை எப்படி எழுதுவது, எழுதியது உண்மையிலேயே அந்தப் படிநிலையில் நிற்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்த அலகை வைத்தே பார்ப்போம்.

படிநிலைகள்: எவ்வளவு தெரிந்தால் போதும்

பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956இல் அறிகை ஆட்சிக்கு ஆறு படிகளை வகுத்தார்கள்: அறிவு, கிரகித்தல், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு. 2001இல் அண்டர்சனும் கிராத்வோலும் இதைத் திருத்தியபோது பெயர்களை வினைகளாக்கி, மதிப்பிடலை ஐந்தாவதாகவும் படைத்தலை ஆறாவதாகவும் வைத்தார்கள். ஆசிரியப் பயிற்சியில் இரண்டும் வரும். சமய பாடத்துக்கு நான் பழைய வரிசையையே பிடித்துக்கொள்கிறேன். நம் அலகுகள் ஒரு தீர்ப்பில் போய் முடிவதுதான் இயல்பு. தொகுப்பை இந்த ஆறு பாடவேளையில் நான் தனியே வைப்பதில்லை. நாடகமோ வில்லுப்பாட்டோ செய்ய நேரம் கிடைத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு படிகளின் பெயர்களைவிட முக்கியமான ஒன்றை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒரு கற்றற் பேறு எந்தப் படியில் நிற்கிறது என்பதை அதிலுள்ள வினைச்சொல் தீர்மானிப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்பே என்ன சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதுதான் தீர்மானிக்கிறது. "விளக்குவர்" என்று எழுதிவிட்டு, அந்த விளக்கத்தை நானே கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் இறக்கச் சொன்னால், பரீட்சையில் பிள்ளை செய்வது நினைவுகூர்தல்தான்.

ஒரு தவணைப் பரீட்சையில் "அப்பர் அரசனின் ஆணைக்கு ஏன் அஞ்சவில்லை என ஆராய்க" என்று கேட்டேன். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது முதல் தாளில் "இறைவனுக்கு மட்டுமே ஆட்பட்டவர் ஆதலால் மானிட அரசனுக்கு அவர் அஞ்சவில்லை" என்று இருந்தது. நல்ல விடை என்று புள்ளி போட்டேன். இரண்டாவது தாளிலும் அதே வரி, "ஆதலால்" உட்பட. ஆறாவது தாளில் பேனையை வைத்துவிட்டேன். அது நான் சொல்லி எழுதுவித்த குறிப்பின் மூன்றாவது வரி. பிள்ளைகள்மேல் பிழை இல்லை. ஆராயும்படி கேட்டேன், ஆராய ஒன்றையும் நான் மிச்சம் வைக்கவில்லை.

படி 1: கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள்

பாடநூலின் முதற் பக்கத்திலிருந்து தொடங்கிப் பேறுகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனால், திருவாமூர், புகழனார், மாதினியார், திலகவதியார் என்று வரலாறு நீண்டு, ஆறாவது பாடவேளையும் சூலை நோயோடு தீர்ந்துவிடும். மேற்படிகளுக்கு நேரமே இராது. ஆகவே தலைகீழாகத் தொடங்க வேண்டும். இந்த அலகின் முடிவில் பிள்ளை சீர்தூக்கித் தீர்மானிக்க வேண்டிய கேள்வி எது?

நான் தெரிவுசெய்தது இது:

*"என் கடன் பணி செய்து கிடப்பதே என்ற அப்பரின் வாக்கை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எது: உழவாரப் பணியா, திருவீழிமிழலைப் படிக்காசா, நீற்றறையா?"*

இது ஏன் நல்ல கேள்வி என்று சொல்கிறேன். மூன்றில் எதை எடுத்தாலும் நியாயம் சொல்ல இடமுண்டு. பாடநூலில் இதற்கு ஆயத்த விடை இல்லை. பிள்ளையின் பக்தி எவ்வளவு என்று அளக்கவும் இது முயலவில்லை.

இதற்கு விடை எழுத ஒரு பிள்ளைக்கு என்னென்ன தேவை என்று பின்னோக்கி இறங்குங்கள். மூன்று நிகழ்ச்சிகளும் தெரிய வேண்டும்: நினைவுகூர்தல். அந்த வாக்கு என்ன சொல்கிறது என்று தன் சொல்லில் சொல்ல வேண்டும்: கிரகித்தல். "பணி" என்பதன் வகைகளைப் புதிய இடத்தில் அடையாளங்காண வேண்டும்: பிரயோகம். நிகழ்ச்சியைப் பிரித்து, எந்தப் பகுதி எதைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்: பகுப்பு. இப்படி இறங்கினால் எது அலகுக்குத் தேவை, எது தேவையில்லை என்பதும் தெளிவாகும். புகழனார், மாதினியார் பெயர்கள் பல்தேர்வு வினாவுக்கு வேண்டியிருக்கும், கற்பியுங்கள். அதற்காக ஒரு முழுப் பாடவேளையைச் செலவிட வேண்டாம்.

படி 2: வாக்கியத்தின் மூன்று உறுப்புகள்

ரொபேர்ட் மேகர் 1962இல் சொன்ன மூன்று உறுப்புகள் இன்றும் உதவுகின்றன. பிள்ளை செய்வது என்ன, எந்த நிலைமையில் செய்கிறது, எவ்வளவு செய்தால் போதும். "அறிந்து கொள்வர்" வரியை இப்படிப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்றுமே இல்லை.

திருத்திய வடிவம்: "நிகழ்ச்சிகள் கலைத்து எழுதப்பட்ட ஆறு அட்டைகளைக் கொடுத்தால் (நிலைமை), மாணவர் அவற்றை வரலாற்று ஒழுங்கில் அடுக்குவர் (செயல்), குறைந்தது நான்கு சரியான இடத்தில் இருக்கும் (அளவு)."

மூன்று உறுப்பையும் எல்லாப் பேற்றிலும் எழுத வேண்டுமென்று நான் வற்புறுத்த மாட்டேன். பாடக்குறிப்புப் புத்தகம் தாங்காது. ஆனால் நிலைமையை மட்டும் விடாதீர்கள். "கொப்பி பார்த்து", "பாடல் கையில் இருக்க", "முன்பு பார்க்காத பாடலைக் கொடுத்து" என்ற இரண்டு மூன்று சொற்கள்தான் பேற்றின் படிநிலையைக் காட்டிக்கொடுக்கின்றன.

படி 3: நினைவுகூர்தல்

இதில் நீண்டநேரம் நிற்க வேண்டியதில்லை. பெயரிடுவர், பட்டியற்படுத்துவர், மனனமாக ஓதுவர், ஒழுங்குபடுத்துவர். அலகுக்கு இரண்டு பேறு போதும். ஒன்று மேலே சொன்ன அட்டை ஒழுங்கு: மருணீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆதல், சூலை நோய், திருவதிகையில் மீளல், நீற்றறை, கல்லோடு கடலில் இடப்படல், திருவீழிமிழலை. மற்றது, "கூற்றாயினவாறு" முதற் பாடலைப் பிழையின்றி ஓதுதல்.

மனனத்தைக் கீழ்ப்படி என்று இகழ வேண்டாம். தேவாரம் ஓதிப் பழகிய வாயில்தான் அடுத்த படி வேலை செய்யும். பாடல் நினைவில் இல்லாத பிள்ளையிடம் அதன் பொருளைக் கேட்டால், அது பாடநூலின் பொழிப்பைத்தான் திருப்பிச் சொல்லும்.

படி 4: கிரகித்தல்

"பாடலின் பொருளை விளக்குவர்" என்று எழுதினால் பொழிப்புரை மனனம் திரும்ப வந்துவிடும். இங்கே நான் ஒரு தடையை வைக்கிறேன்: பொழிப்புரையில் இல்லாத ஒன்றைப் பிள்ளை செய்ய வேண்டும்.

"தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட" என்ற வரியை எடுங்கள். வகுப்பில் இதை வாசித்து, "இந்த நோயாளி வைத்தியரிடம் போனால் தன் வருத்தத்தை எப்படிச் சொல்லுவார்?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழும்பி, "வெளியில ஒண்டும் தெரியேல்லை ரீச்சர், ஆனா உள்ளுக்குள்ள குடலைப் பிடிச்சு முறுக்குது" என்றது. "தோற்றாது" என்பதற்கு "வெளியில ஒண்டும் தெரியேல்லை". "துடக்கி முடக்கியிட" என்பதற்கு "பிடிச்சு முறுக்குது". கிரகித்தல் நடந்துவிட்டது, என் காதாலேயே கேட்டேன்.

ஆகவே பேறு இப்படி அமையும்: "பாடல் கையில் இருக்க, பொழிப்புரை மூடியிருக்க, சூலை நோயைக் கூறும் அடியைத் தம் பேச்சுமொழியில் மாற்றிச் சொல்வர், 'தோற்றாது', 'முடக்கியிட' ஆகிய இரண்டின் பொருளும் அதில் இருக்கும்."

படி 5: பிரயோகம்

சமய பாடத்தில் அதிகம் தடுமாறும் படி இதுதான். "அப்பரின் வாழ்க்கையைப் பின்பற்றித் தொண்டு செய்வர்" என்று எழுதி அதைப் பிரயோகம் என்று நினைத்துவிடுகிறோம். அது ஓர் ஒழுக்க எதிர்பார்ப்பு. அறிகை ஆட்சியில் பிரயோகம் என்றால், கற்ற ஒரு கருத்தை முன்பு காணாத இடத்தில் பயன்படுத்துவது.

"பணி" என்பதைக் கையாற் செய்வது, வாயாற் செய்வது, மனத்தாற் செய்வது என்று உழவாரப் பணியையும் தேவாரம் பாடுதலையும் வைத்து முதலில் கற்பிக்கிறேன். பிறகு, அதே நாயனாரின் இன்னொரு பாடலைக் கொடுக்கிறேன். ஆறாம் திருமுறையில் உள்ள திருவாரூர்ப் பாடல் இது:

*நிலைபெறுமா றெண்ணுதியேல் நெஞ்சே நீவா*
*நித்தலுமெம் பிரானுடைய கோயில் புக்குப்*
*புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கு மிட்டுப்*
*பூமாலை புனைந்தேத்திப் புகழ்ந்து பாடி…*

பேறு: "முன்பு பார்க்காத தேவாரப் பாடலைக் கொடுத்தால், அதில் வரும் பணிகளில் குறைந்தது நான்கை இனங்கண்டு, கை, வாய், மனம் என வகைப்படுத்துவர்." அலகிடுதல், மெழுகிடுதல், மாலை தொடுத்தல் கைக்குப் போகும், புகழ்ந்து பாடுதல் வாய்க்கு. "நெஞ்சே நீ வா" என்பதை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் வாக்குவாதப்பட்டால் மிகவும் நல்லது. "ஏத்தி" என்பதைக் கைக்கா வாய்க்கா என்று பிரிப்பதிலும் கருத்து வேறுபாடு வரும். காரணம் சொன்னால் இரண்டுக்கும் புள்ளி.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடலை உங்கள் பிள்ளைகள் அறநெறி வகுப்பிலோ பண்ணிசைப் போட்டிக்காகவோ பொருளோடு படித்திருந்தால் பேறு உடனே கீழிறங்கிவிடும். கொடுப்பதற்கு முன் "இதை யார் கேட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அரைவாசிக் கைகள் உயர்ந்தால் வேறு பாடலுக்கு மாறுங்கள்.

படி 6: பகுப்பு

இந்த அலகில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டபோது அப்பர் "மாசில் வீணையும்" பாடினார் என்றும், கல்லிற் கட்டிக் கடலில் இட்டபோது "சொற்றுணை வேதியன்" பாடினார் என்றும் எல்லாப் பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். இரண்டு பாடலையும் கையில் கொடுத்து, "இந்த நிகழ்ச்சி பாடலுக்குள் எங்கே இருக்கிறது? கோடிட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

சொற்றுணை வேதியனில் கோடிட இடம் இருக்கிறது: "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே." மாசில் வீணையில் வீணை, மாலை மதியம், தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை எல்லாம் உண்டு. அந்தப் பாடலில் நீற்றறையைத் தேடினால் கிடையாது. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அப்படியானால் நீற்றறை எங்கிருந்து வந்தது? அப்பர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டில். அவர் வரலாற்றை விரித்துப் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு. அந்த நீற்றறையே இளவேனிற் பருவமாகவும், தென்றல் அணையும் தடமாகவும், நிலவும் யாழொலியும் உடையதாகவும் குளிர்ந்தது என்று பெரியபுராணம் பாடுகிறது. பாடலின் உவமைகளைச் சேக்கிழார் எடுத்து நிகழ்ச்சிக்குள் நட்டிருப்பதைப் பிள்ளைகள் தாங்களே காண்பார்கள்.

"பாய்ச்சினும்" என்ற சொல்லையும் விடக்கூடாது. "பாய்ச்சினார்கள்" என்று பாடல் சொல்லவில்லை, "பாய்ச்சினாலும்" என்கிறது. கூர்மையான பிள்ளை இதைப் பிடிக்கும். பிடித்தால் மழுப்ப வேண்டாம். அது பாடலின் சொல், அதைப் புராணம் நிகழ்ச்சியாக விரிக்கிறது என்று சொல்லுங்கள். இதனால் எந்தப் பிள்ளையின் நம்பிக்கையும் குலைந்து நான் பார்த்ததில்லை. தேவாரத்தை இன்னும் கவனமாக வாசிக்கத்தான் தொடங்கினார்கள்.

பேறு: "இரு பாடல்களும் அவற்றோடு தொடர்புபடுத்தப்படும் நிகழ்ச்சிகளின் சுருக்கமும் கொடுக்கப்பட்டால், பாடலே கூறுவது எது, புராணம் கூறுவது எது எனப் பிரித்து அட்டவணைப்படுத்துவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொற்சான்று தருவர்."

சமணர் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும். "சமணரின் கொடுமைகளைக் கூறுவர்" என்று பேறு எழுதிய பாடக்குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதக்கூடாது. இன்றும் வாழும் ஒரு சமயத்தாரைப் பற்றி, எதிர்ப்பக்க நூல் ஒன்றின் சித்திரிப்பை மட்டும் வைத்துப் பிள்ளை எடுக்கும் முடிவு அது. "சமணர் பற்றிய இக்காட்சி எந்த நூலின் பார்வையிலிருந்து சொல்லப்படுகிறது என இனங்காண்பர்" என்று மாற்றினால், வரலாற்றை மறைக்கவும் இல்லை, வெறுப்பைக் கற்பிக்கவும் இல்லை.

படி 7: மதிப்பீடு

மதிப்பீடு என்றால் அபிப்பிராயம் சொல்வது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். "அப்பரில் உமக்குப் பிடித்த பண்பு எது? ஏன்?" என்ற கேள்விக்கு எந்த விடையும் சரிதான், அதனால் அதைப் புள்ளியிட வழியே இல்லை. மறுபக்கம், "நால்வருள் சிறந்தவர் யார்?" என்ற கேள்வி மரபுக்குள்ளேயே பொருந்தாது. இரண்டிலும் குறைவது ஒன்றுதான்: நியதி. எந்த அளவுகோலை வைத்துத் தீர்ப்பு என்பது பேற்றுக்குள்ளேயே எழுதப்பட வேண்டும்.

நம் கடைசிக் கேள்விக்கு நான் மூன்று நியதி வைத்தேன். நிகழ்ச்சி பாடல் அடியோடு பொருந்துகிறதா? அந்தப் பணியால் பிறர் பயனடைந்தார்களா? செய்தவர் தமக்கென எதையும் வேண்டாமல் செய்தாரா? இவை என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. "தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே" என்ற அடியை வகுப்போடு சேர்ந்து பிரித்தபோது வந்தவை. தாங்குவது அவன் கடமை, அதை நான் கேட்டு நிற்பதில்லை என்பதிலிருந்து மூன்றாவது நியதி பிறந்தது. நியதிகளை மரபுக்குள்ளிருந்தே எடுத்தால் பிள்ளை தன் சமயத்துக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்வதாக உணராது.

பேறு: "மூன்று நிகழ்ச்சிகளின் சுருக்கமும் கையில் இருக்க, கொடுக்கப்பட்ட நியதிகளில் இரண்டையேனும் பிரயோகித்து, அப்பரின் வாக்கை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியைத் தெரிவுசெய்து, தெரிவுசெய்யாத ஒன்று ஏன் பின்தங்குகிறது என்பதையும் கூறி நியாயப்படுத்துவர்."

"தெரிவுசெய்யாத ஒன்று" என்ற பகுதியை எடுத்துவிட்டால் விடைகள் புகழுரையாகிவிடும். ஒன்றைப் புகழ்வது எளிது. இன்னொன்றைவிட இது ஏன் பொருத்தம் என்று சொல்லும்போதுதான் நியதி வேலை செய்யத் தொடங்கும்.

10 புள்ளிக்கு நான் பிரித்த விதம்: தெரிவைத் தெளிவாகச் சொன்னதற்கு 1, நிகழ்ச்சியிலிருந்தும் பாடலிலிருந்தும் சான்று காட்டியதற்கு 4, நியதியைச் சான்றோடு இணைத்ததற்கு 3, மற்ற நிகழ்ச்சியை எடைபோட்டதற்கு 2. எதைத் தெரிவுசெய்தார் என்பதற்குப் புள்ளியும் இல்லை, கழிவும் இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் "ரீச்சருக்கு எது விருப்பம்?" என்று அறியத்தான் பார்ப்பார்கள்.

பக்தியை எங்கே வைப்பது

"இறைபக்தி கொள்வர்", "தொண்டில் ஈடுபாடு காட்டுவர்" போன்றவை எழுச்சி ஆட்சிக்கு உரியவை. அவை சைவநெறியின் உயிரான நோக்கங்கள், அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. அலகின் தலைப்பில் பொதுநோக்கமாக எழுதுங்கள். பாடவேளைப் பேறாக எழுதிப் புள்ளியிடாதீர்கள். புள்ளியிட்டால், பக்தி உள்ள பிள்ளையும் பக்தியாக எழுதத் தெரிந்த பிள்ளையும் ஒரே புள்ளி பெறுவார்கள், அதைப் பிள்ளைகள் எங்களைவிட விரைவாகக் கண்டுபிடிப்பார்கள். கோயிற் சிரமதானத்துக்குத் தானாக விளக்குமாறோடு வந்து நின்ற பிள்ளையைப் பார்த்தால் அவதானக் குறிப்பில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

ஆறு பாடவேளையில் அடுக்குவது

முதலாவதில் வரலாற்று ஒழுங்கும் ஓதலும். இரண்டாவதில் கூற்றாயினவாறு, கிரகித்தல். மூன்றாவதில் பணியின் வகைகளும் புதிய பாடலும். நான்காவது முழுவதும் இரு பாடற் பகுப்புக்கு. ஐந்தாவதில் "என் கடன்" அடியைப் பிரித்து நியதிகளை ஆக்குதல், மூன்று நிகழ்ச்சிகளையும் குழுவில் பேசுதல். ஆறாவதில் தனியாக எழுதுதல். மதிப்பீட்டுக்கு இரண்டு பாடவேளை கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். பேசாமல் எழுதச் சொன்னால் தரம் 9 பிள்ளைக்கு அது கடினம். 40 நிமிடத்துக்குள் நினைவுகூர்தலில் தொடங்கி மதிப்பீடு வரை ஏற நினைப்பது காகிதத்தில் மட்டுந்தான் நடக்கும்.

அடுக்கு இப்படியிருந்தாலும் பிள்ளைகள் இந்த ஒழுங்கிலேயே ஏற மாட்டார்கள். ஓதத் தடுமாறும் பிள்ளை பகுப்பில் மின்னும். முதற்படி முடியாதவரை அடுத்ததுக்கு விடமாட்டேன் என்று யாரையும் நிறுத்திவைக்க வேண்டாம்.

எழுதியது அந்தப் படியில் நிற்கிறதா என்று பார்ப்பது

மூன்று சோதனை வைத்திருக்கிறேன். பாடநூலையும் என் குறிப்பையும் மட்டும் வைத்து, சொல்லுக்குச் சொல் எடுத்து எழுதினால் முழுப்புள்ளி கிடைக்குமா? கிடைத்தால் அது நினைவுகூர்தல். பக்கத்துச் சைவநெறி ஆசிரியரிடம் பேற்றை மட்டும் கொடுத்து ஒரு வினா ஆக்கச் சொன்னால், நான் மனத்தில் வைத்த வினாவுக்குக் கிட்ட வருகிறதா? வராவிட்டால் நிலைமையோ அளவோ தெளிவில்லை. கடைசியாக, திருத்தும்போது ஒரே வாக்கியம் எத்தனை தாளில் திரும்ப வருகிறது? இரண்டு மூன்று தாளில் வந்தால் அயலில் இருந்தவரைப் பார்த்திருக்கலாம். பத்துத் தாளில் வந்தால் அது நான் எழுதுவித்த வாக்கியம், அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பை எடுத்துவிட வேண்டும்.

இந்த முறையில் எழுதுவித்த முதல் ஆண்டில், பெரும்பாலானோர் உழவாரப் பணியைத் தெரிவுசெய்தார்கள். சிலர் நீற்றறையை எடுத்து இரண்டாவது நியதியில் சறுக்கினார்கள், நீற்றறையில் பிறருக்கு என்ன பயன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு பிள்ளை மட்டும் திருவீழிமிழலையை எடுத்தது. பஞ்ச காலத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு கிடைத்ததையும், சம்பந்தரின் காசு மாற்றும்போது மதிப்புக் குறையும் வாசி உடையதாக இருந்ததால் அவர் மடத்தில் அடியார்க்கு அமுது பிந்தியதையும், அப்பரின் காசில் வாசி இல்லாததையும் ஒழுங்காகச் சொல்லி, இப்படி முடித்திருந்தது: "உழவாரப் பணி எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதனால் என்ன வந்தது என்று இந்த நிகழ்ச்சியில்தான் தெரிகிறது. கையால் வேலை செய்தவரின் காசு குறையவில்லை, அதை அவர் சாப்பிடவுமில்லை, அடியார் சாப்பிட்டார்கள்." மற்ற நிகழ்ச்சியை எடைபோடும் பகுதியில் ஒரு வரிதான் எழுதியிருந்தபடியால் 2க்கு 1 போட்டு, மொத்தம் 9 கொடுத்தேன்.